பணம் போவதற்குப் பதினாறு மணி நேரம் முன்பே ரத்து செய்தும் பணம் போனது எப்படி?

கும்பகோணத்தில் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் என் பள்ளி நண்பன் 2025 மார்ச் 15, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போன் செய்தான். எடுத்த எடுப்பில் கேட்டான்: "மாப்ள, நேத்து ராத்திரியே கேன்சல் பண்ணிட்டேன். இப்ப 6,800 ரூபா எடுத்துட்டான். இது திருட்டுதானே?"

திருட்டு இல்லை என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சந்தா பில்லிங் பிரிவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இதே புகாரை நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டிருக்கிறேன், ஆனால் அப்போதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை அவனுடைய எஸ்எம்எஸ், மெயில், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

விஷயம் இது. கல்யாண ஆல்பங்களை இணையத்தில் ஏற்றி, வீட்டுக்காரர்களுக்கு ஒரு லிங்க் கொடுத்தால், அவர்கள் திறந்து பார்த்து வேண்டிய படங்களை இறக்கிக்கொள்ளலாம். அதற்கான வெளிநாட்டுச் சேவை ஒன்றில் அவன் வருடச் சந்தா போட்டிருந்தான். பெயர் இங்கே வேண்டாம். சேர்ந்தது 2024 மார்ச் 14, காலை 11:40. பணம் கட்டியது கிரெடிட் கார்டில். அன்றைக்கு ஓடிபி போட்டபோதே, அடுத்தடுத்த வருடங்களுக்கும் தானாக எடுத்துக்கொள்ளலாம் என்ற மேண்டேட்டும் சேர்ந்து பதிவாகிவிட்டது. இப்படிப் பதிவான மேண்டேட்டில் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு மறுபடி ஓடிபி கேட்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் இந்த வரம்பை 5,000-லிருந்து உயர்த்தியது. 6,800 அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு வருடம் ஓடியது. உள்ளூரிலேயே வேறு ஏற்பாடு கிடைத்ததால் இதை நிறுத்திவிட முடிவு செய்தான். ஆனால் கட்டிய காசுக்குக் கடைசி நாள் வரை பயன்படுத்த வேண்டும் என்று காத்திருந்தான். நியாயமான ஆசைதான்.

மார்ச் 7 அன்று நிறுவனத்திடமிருந்து மெயில் வந்திருக்கிறது: உங்கள் திட்டம் மார்ச் 14 அன்று புதுப்பிக்கப்படும். அது ஜிமெயிலில் விளம்பர மெயில்களோடு சேர்ந்து கிடந்தது, அவன் பார்க்கவில்லை. மார்ச் 14, மதியம் 12:05-க்கு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: இன்ன நிறுவனத்துக்கு 6,800 ரூபாய் மார்ச் 15 அன்று உங்கள் கார்டிலிருந்து எடுக்கப்படும். இதைப் பார்த்தான். '15-ஆம் தேதிதானே, இன்று ராத்திரி செய்துவிடலாம்' என்று நினைத்தான். மாலையில் ஒரு நிச்சயதார்த்த வேலை. திரும்பி வந்து இரவு 9:20-க்கு சேவையின் தளத்தில் ரத்து பொத்தானை அழுத்தினான். ரத்து ஆகிவிட்டது என்று திரையும் சொன்னது. மறுநாள் மதியம் 1:45-க்குப் பணம் போய்விட்டது.

கார்டிலிருந்து பணம் போனதற்குப் பதினாறு மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்கிறான். அப்படியும் அவன் செய்தது தாமதம்தான். பணம் எடுக்கும் நேரமும் சந்தாச் சுற்று முடியும் நேரமும் ஒன்று என்று அவன் நினைத்தான். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

சந்தாச் சுற்று தேதியில் முடிவதில்லை, நிமிடத்தில் முடிகிறது. 2024 மார்ச் 14 காலை 11:40-க்குச் சேர்ந்தவனுடைய வருடம் 2025 மார்ச் 14 காலை 11:40-க்கு முடிந்துவிடுகிறது. அந்த நிமிடமே அடுத்த வருடத்துக்கான இன்வாய்ஸ் உருவாகி, பணம் வசூலிக்கும் கட்டளை கிளம்பிவிடும். அமெரிக்கக் கார்டாக இருந்தால் ஒரு மணி நேரத்திலோ அதற்கு முன்போ பணமும் போயிருக்கும். சுற்று முடிந்ததும் பணம் போனதும் ஒன்றாகத் தெரியும்.

இந்தியக் கார்டில் அப்படி முடியாது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது, எதற்கு என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று விலகும் வழியும் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் பல நிறுவனங்களின் பில்லிங் அமைப்பு இந்த 24 மணி நேரத்தைச் சுற்று முடிவதற்கு முன்னால் வைப்பதில்லை, பின்னால் வைக்கிறது. சுற்று முடிகிறது, இன்வாய்ஸ் பிறக்கிறது, அப்புறம்தான் அறிவிப்பு போகிறது, அதற்கும் அப்புறம் ஒரு நாள் கழித்துப் பணம் எடுக்கப்படுகிறது. கொஞ்சம் கூடுதல் இடம் விட்டு 26 மணி நேரம் காத்திருக்கும் அமைப்புகளும் உண்டு. நண்பன் விஷயத்தில் 11:40-லிருந்து மறுநாள் 1:45 வரை எண்ணினால் கிட்டத்தட்ட அதே கணக்குதான் வருகிறது.

ஆக, அந்த எஸ்எம்எஸ் அவன் கையில் வந்தபோதே சுற்று முடிந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. எச்சரிக்கை போலத் தெரிந்த அது, நடந்து முடிந்த ஒன்றின் தகவல்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. நமக்குத் தேதி என்றாலே கெடு என்றுதான் பழக்கம். கரண்ட் பில்லுக்குக் கடைசி தேதி 15 என்றால் 15 சாயங்காலம் வரை கட்டலாம், பள்ளிக் கட்டணமும் அப்படித்தான். அதனால் ஏதாவது ஒரு சந்தா '15 அன்று புதுப்பிக்கப்படும்' என்று சொன்னால், அதை '15 வரை நேரம் இருக்கிறது' என்று மனம் தானாகப் படித்துவிடுகிறது. சந்தாவில் அந்தத் தேதி பழைய சுற்றின் கடைசி நாள் இல்லை, புதிய சுற்றின் முதல் நாள். அன்று காலை எழுந்து செய்தால் பல நேரம் தாமதமாகிவிடும். சில சேவைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் புதுப்பிக்கின்றன. அது நமக்கு அதிகாலை 5:30.

இப்போது அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருகிறேன். ரத்து செய்ததும் வந்த திரையில் இப்படி இருந்தது: "Your plan has been cancelled. Access until Mar 14, 2026." முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டான். இரண்டாவது வாக்கியத்தின் வருடத்தைக் கவனிக்கவில்லை. 2026! அந்த இயந்திரத்தின் கணக்கில் புதிய வருடம் தொடங்கி ஒன்பதரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. 'ரத்து' என்று அவன் அழுத்தியதை அது '2026-இல் திரும்பப் புதுப்பிக்காதே' என்று எடுத்துக்கொண்டது. இப்போது நிலுவையில் இருக்கும் இன்வாய்ஸை அந்தப் பொத்தான் தொடாது. எங்கள் அமைப்பிலும் தொடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரத்து சரியான நேரத்தில் நடந்ததா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. அணுகல் எது வரை என்று காட்டும் தேதி நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய காலத்துக்குள் இருக்க வேண்டும். மாதச் சந்தாவானால் மாதத்தைப் பாருங்கள், வருடச் சந்தாவானால் வருடத்தைப் பாருங்கள். ஒரு சுற்று தள்ளிப் போயிருந்தால் நீங்கள் தாமதம், பணம் போய்விட்டது அல்லது போய்க்கொண்டிருக்கிறது.

போய்க்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் அவனுக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. வங்கி எஸ்எம்எஸ்ஸில் இருந்த லிங்க் வழியாக அந்த ஒரு டெபிட்டை மட்டும் மறுத்திருக்கலாம், அல்லது மேண்டேட்டையே நீக்கியிருக்கலாம். ஒரு ஓடிபியோடு வேலை முடிந்திருக்கும். யுபிஐ ஆட்டோபே ஆனால் ஃபோனில் இருக்கும் யுபிஐ செயலியிலேயே மேண்டேட்டை நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு விட்டால் போதாது. வங்கி பணம் தர மறுத்தது என்பது மட்டும்தான் நிறுவனத்துக்குத் தெரியும், நீங்கள் விலகிவிட்டீர்கள் என்பது தெரியாது. இன்வாய்ஸ் கட்டப்படாததாகவே நிற்கும், 'பணம் வரவில்லை' என்று மெயில் வரும், கணக்கு சில நாள் ஓடி அப்புறம் முடங்கும். வங்கிப் பக்கமும் சேவைப் பக்கமும் இரண்டிலும் நிறுத்திவிட்டு, நிலுவை இன்வாய்ஸை நீக்கச் சொல்லி ஒரு வரி எழுதுவதுதான் முழு வேலை.

பணம் திரும்ப வந்த கதை

சரி, பணம் போயாகிவிட்டது. சனி ஞாயிறு அவர்களுடைய சப்போர்ட் ஆட்கள் இல்லை. திங்கள் 17-ஆம் தேதி என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல, அவன் எழுதினான்: ரத்து செய்த நாள், நேரம், ஸ்கிரீன்ஷாட், புதிய சுற்றில் ஒரு படம்கூட ஏற்றவில்லை என்ற தகவல். கோபமாக நான்கு பத்தி எழுதுவதைவிட இது வேலை செய்யும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தேடுவது அந்த நான்கு விவரங்களைத்தான். வருடச் சந்தாவுக்கு 14 நாள் ரீஃபண்ட் என்று அவர்கள் விதியிலேயே இருந்தது. 18-ஆம் தேதி சரி என்று பதில், 19-ஆம் தேதி ரீஃபண்ட் போட்டதாக மெயில்.

அதே 19-ஆம் தேதி மாலை அவனுக்கு ஒரு கல்யாண வீட்டிலிருந்து போன். "தம்பி, லிங்க் திறக்கல."

இதை நானும் எதிர்பார்த்திருக்க வேண்டும், சொல்லத் தவறிவிட்டேன். ரத்து என்பது வேறு, ரீஃபண்ட் என்பது வேறு. ரத்து செய்தால் கட்டிய காலம் முடியும் வரை அணுகல் இருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கட்டிய காலம் என்றே ஒன்று இல்லை, அதனால் அந்த நிமிடமே கதவை மூடிவிடுவார்கள். நான்கு குடும்பங்களின் ஆல்பம் அப்படி மூடிக்கொண்டது. அதில் இரண்டு வீட்டார் இன்னும் படங்களை இறக்கியிருக்கவில்லை. ஒரு வீட்டில் மாப்பிள்ளை சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார், அவர் அங்கிருந்து இறக்குவதாக இருந்தது.

படங்கள் அழிந்துவிடவில்லை. அணுகல் முடிந்த பிறகும் 30 நாள் கோப்புகளை வைத்திருப்போம், அப்புறம்தான் அழிப்போம் என்று அந்தச் சேவையின் விதியில் இருந்தது. ஆக இந்தக் கதையில் நான்கு வேறு முடிவுகள் இருக்கின்றன: சுற்று முடிவது, பணம் எடுக்கப்படுவது, அணுகல் மூடுவது, கோப்புகள் அழிவது. நம்மில் பலர் இவை எல்லாவற்றையும் ஒரே தேதியாக மனத்தில் வைத்திருக்கிறோம். ரத்து செய்யும் திரை காட்டுவது மூன்றாவதை மட்டும்தான். நான்காவதைத் தேடித்தான் படிக்க வேண்டும், சில சேவைகளில் அது இல்லவே இல்லை.

வேறு வழியில்லாமல் மார்ச் 22 அன்று 899 ரூபாய்க்கு ஒரு மாதச் சந்தா போட்டான். இந்த முறை என் பேச்சைக் கேட்டு, பணம் கட்டிய அன்று மாலையே ரத்து செய்தான். திரையில் "Access until Apr 22, 2025" என்று வந்தது. வருடம் சரி, மாதம் சரி. மறுபடி எல்லா லிங்குகளும் உயிர்பெற்றன. அந்த 6,800 ரூபாய் மார்ச் 26 அன்று கார்டில் வந்து சேர்ந்தது.

கட்டிய அன்றே ரத்து செய்வதுதான் இவ்வளவு சுலபம் என்றால், புதுப்பிப்புக்குச் சில நாள் முன்பு ரத்து செய் என்று நான் வழக்கமாகச் சொல்லும் கணக்கே எதற்கு என்று அவனும் கேட்டான். எல்லாச் சேவையும் இப்படி நடப்பதில்லை என்பதுதான் காரணம். இலவச சோதனைக் காலத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். சோதனைக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு ரத்து செய்யச் சொல்கிறது ஆப்பிள். அதே சமயம், சோதனைக் காலத்தில் ரத்து செய்தால் அணுகல் உடனே போய்விடலாம் என்றும் சொல்கிறது. மாதம் முழுக்க இலவசமாகப் பார்க்கலாம் என்று சேர்ந்த அன்றே ரத்து செய்தவருக்கு அன்றோடு முடிந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் முதல் நாள் ரத்து செய்வது நஷ்டம், கடைசி நாள் ரத்து செய்வது ஆபத்து. இடையில் சில நாள் விட்டுச் செய்வதுதான் கட்டுப்படியாகும்.

பணம் கட்டிய சந்தாவிலும், ரத்து செய்த உடனே புதிதாகக் கோப்பு ஏற்றுவதை நிறுத்தி, பார்க்க மட்டும் விடும் சேவைகள் இருக்கின்றன. தொழிலுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். ரத்து பொத்தானுக்கு மேலே சின்ன எழுத்தில் அது இருக்கும்.

எத்தனை நாள் என்று கேட்டால், மாதச் சந்தாவுக்கு மூன்று நாள், வருடச் சந்தாவுக்கு ஒரு வாரம் என்பது என் கணக்கு. 24 மணி நேர அறிவிப்பு ஒரு நாளைத் தின்றுவிடும். நேர மண்டலக் குழப்பத்துக்கு இன்னொரு நாள். பொத்தான் வேலை செய்யவில்லை, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, சேர்ந்தது எந்த மெயில் முகவரியில் என்றே தெரியவில்லை என்ற வகைத் தொல்லைக்கு ஒரு நாள். வருடச் சந்தாவில் தொகை பெரியது, சப்போர்ட்டுக்கு எழுதிப் பதில் வாங்க வேண்டியிருக்கலாம், நடுவில் ஒரு சனி ஞாயிறு வரலாம், அதனால் ஒரு வாரம். பணத்தைச் சுற்று முடிவதற்கு முன்பே எடுத்துவிடும் இடங்களும் இருக்கின்றன. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் சந்தாக்களில் நடப்புக் காலம் முடிவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் புதுப்பிப்புக் கட்டணம் எடுக்கப்படலாம். அங்கே முந்தின நாள் இரவு என்பதே தாமதம்.

ரத்து ஆன பிறகும் திறக்கிறது

ஏப்ரல் 23 காலை மறுபடி போன். "மாப்ள, நேத்தோட முடியணும். இன்னும் லிங்க் திறக்குதே. கேன்சல் ஆகலையோ?"

இதுவரை பார்த்ததற்கு நேர்மாறான பயம் இது: அணுகல் இருந்தால் பணமும் போகும் என்ற பயம். சுற்று முடிந்த நிமிடமே கதவு சாத்தப்படுவது உண்மையில் அரிது. காலாவதியான கணக்குகளைத் தேடி மூடும் வேலை பல நிறுவனங்களில் நாளுக்கு ஒரு முறைதான் ஓடும். உலகின் பல இடங்களில் நகல் எடுத்து வைத்திருக்கும் படங்கள் அந்த நகல் காலாவதியாகும் வரை திறந்துகொண்டே இருக்கும். பணம் வராத கணக்குகளுக்குச் சலுகை நாட்கள் கொடுப்பதும் உண்டு. ஆப்பிளில் செயலி தயாரிப்பவர் விரும்பினால் இதை 3, 16 அல்லது 28 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகை ரத்து செய்தவர்களுக்கானது இல்லை, கார்டிலிருந்து பணம் எடுக்க முடியாமல் நின்றவர்களுக்கானது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

அதனால் லிங்க் திறக்கிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கணக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். புதுப்பிக்கப்படும் தேதி என்று இருக்கிறதா, முடியும் தேதி என்று இருக்கிறதா? ஐஃபோனில் ரத்து பொத்தானே இல்லாமல், காலாவதியாகும் செய்தி சிவப்பு எழுத்தில் இருந்தால், ஏற்கெனவே ரத்து ஆகிவிட்டது என்று பொருள். ஆண்ட்ராய்டில் செயலியை ஃபோனிலிருந்து நீக்குவதால் சந்தா நிற்பதில்லை. கூகுள் பிளேயின் சந்தாப் பட்டியலில் போய்ப் பார்க்க வேண்டும்.

நண்பன் கணக்குப் பக்கத்தைத் திறந்து படமெடுத்து அனுப்பினான். முன்பு ரத்து பொத்தான் இருந்த அதே இடத்தில், அதே நிறத்தில், அதே அளவில் இப்போது "Resume plan" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ரத்து உறுதியாகும் என்று நினைத்து விரலை வைக்கப் போயிருக்கிறான். அழுத்தியிருந்தால் 899 ரூபாய்க்கு மறுபடி ஒரு மாதம். சந்தாவில் சேர்ப்பதைச் சுலபமாகவும் வெளியேறுவதைக் கடினமாகவும் வைக்கும் தந்திரத்தை, 'சந்தாப் பொறி' என்ற பொருளில், இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த பதின்மூன்று வகைத் தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இந்தப் பொத்தான் அந்த வரையறைக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டு பொத்தான்களையும் ஒரே இடத்தில் வைப்பவருக்கு நடக்கப்போவது என்னவென்று நன்றாகத் தெரியும்.

வங்கிப் பக்கம் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. மேண்டேட் பட்டியலைத் திறந்தால் அதே நிறுவனத்தின் பெயரில் இரண்டு இருந்தன. ஒன்று 2024-இல் பதிவானது, மற்றது மார்ச் 22 அன்று மாதச் சந்தாவுக்குப் போட்ட புதியது. சேவையில் ரத்து செய்ததால் இரண்டுமே பயன்பாட்டில் இல்லை, ஆனால் பதிவில் உயிரோடு இருந்தன. இரண்டையும் நீக்கினான்.

ஏப்ரல் 24 இரவு லிங்க் நின்றது. அதற்குள் சிங்கப்பூர் மாப்பிள்ளை படங்களை இறக்கி முடித்திருந்தார். மே மாதக் கார்டு ஸ்டேட்மென்ட்டில் அந்த நிறுவனத்தின் பெயர் இல்லை.